இளைத்தவள், மெலிந்தவள், ஒல்லியானவள்

வடபழனியில் டப்பிங் வசனம் எழுதுகிறவர்களுக்கு அகராதியால் பெரிய உபயோகம் இல்லை. நான் பதினோரு வருடமாக அந்த வேலையில் இருக்கிறேன். ஆங்கிலத்தில் ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்தைப் பார்த்து ‘தின்’ என்கிறது. அடுத்த காட்சியில் வேறொருத்தி அதே பெண்ணை ‘ஸ்லிம்’ என்கிறாள். அதற்கடுத்த காட்சியில் பள்ளிக்கூடப் பையன்கள் ‘ஸ்கின்னி’ என்று கத்துகிறார்கள். கையில் இருக்கும் ஆங்கிலம்-தமிழ் அகராதியில் மூன்றையும் தேடினால், கொஞ்சம் முன்னே பின்னே, ஒரே பதில்தான் வரும்: மெலிந்த, ஒல்லியான.

ஆங்கிலம் படித்தவர்களுக்கு இந்த மூன்றின் வித்தியாசம் சொல்லாமலே தெரியும். ‘தின்’ வெறும் தகவல். ‘ஸ்லிம்’ பாராட்டு. ‘ஸ்கின்னி’ தோலைக் குறிக்கும் ‘ஸ்கின்’ என்ற சொல்லிலிருந்து வந்தது, அதனால் அதில் எப்போதும் ஒரு எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். இதில் வேடிக்கை, ‘ஸ்லிம்’ என்ற சொல்லின் பூர்வீகம் நல்லதே இல்லை. டச்சு மொழியில் அதற்கு வளைந்த, கெட்ட என்ற பொருள்கள் இருந்தன. ஜெர்மன் மொழியில் அதன் பங்காளிச் சொல்லுக்கு இன்றைக்கும் ‘மோசமான’ என்றுதான் பொருள். ஆங்கிலத்துக்குள் வந்து சில நூற்றாண்டுகளில் அது பாராட்டாக மாறிவிட்டது. ஒரு சொல்லின் சாயல் அதன் வேரில் இல்லை, புழங்குகிற இடத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் தமிழில் இந்தச் சாயல்கள் எங்கே இருக்கின்றன? அகராதியில் ஒரே வரியில் உட்கார்ந்திருக்கும் ஒல்லி, மெலிவு, இளைப்பு எல்லாம் நிஜமாகவே ஒன்றுதானா? இந்தக் கேள்வி டப்பிங் தியேட்டரில் பிறந்ததில்லை. ரொம்பப் பழையது. தொல்காப்பியத்திலேயே இருக்கிறது.

தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் உரியியல் என்று ஒரு இயல் உண்டு. ஒரு சொல்லுக்குப் பல பொருள் வருவதையும், பல சொற்கள் ஒரே பொருளுக்கு வருவதையும் அங்கேதான் பேசுகிறார். அவர் எல்லாச் சொல்லுக்கும் பொருள் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்த சொற்களை விட்டுவிட்டு, வழக்கில் அவ்வளவாக இல்லாததை மட்டும் எடுத்துத் தெரிந்த சொல்லால் விளக்குகிறார். அப்படி அவர் எடுத்துச் சொல்கிற கூட்டங்களில் ஒன்று நம்முடைய விஷயத்துக்கு நேராக வந்து நிற்கிறது. ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாய் என்று நான்கு சொற்கள். நான்குக்கும் சேர்த்து அவர் தரும் பொருள், ஏற்கெனவே இருந்த ஒன்று நுணுகிப்போவது.

இதைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். ‘நுணுக்கம்’ என்று மட்டும் அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முன்பு இருந்த நிலையிலிருந்து குறைவது என்பதையும் சேர்த்தே சொல்கிறார். பிறந்ததிலிருந்து மெல்லியதாக இருக்கும் ஒரு பொருளுக்கு இந்த நான்கும் பொருந்தாது. முன்னே ஒரு நிறைவு இருந்திருக்க வேண்டும், அது இப்போது குறைந்திருக்க வேண்டும். சங்கப் பாடல்களில் தலைவன் பிரிந்துபோன பிறகு தலைவியின் தோள் சாய்ந்தது என்று வருவது இந்தப் பொருளில்தான். அவள் ஒல்லியானவள் என்பது அங்கே செய்தி இல்லை. நேற்று அப்படி இல்லை என்பதுதான் செய்தி.

இன்றைய தமிழில் நிழத்தல் செத்துவிட்டது. சாய்தலும் ஆய்தலும் வேறு வேலைக்குப் போய்விட்டன. ஓய்தல் மட்டும் ‘ஆள் ஓய்ஞ்சு போயிட்டான்’ என்பதில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. ஆனால் இந்த நான்கும் காலி செய்த வீட்டில் ஒரு சொல் குடியேறியிருக்கிறது. அதுதான் இளைத்தல்.

ஒரு சின்னச் சோதனை. ‘அவ பொறந்ததுலேர்ந்து ஒல்லி’ என்று சொல்லலாம். ‘அவ பொறந்ததுலேர்ந்து இளைச்சவ’ என்று யாரும் சொல்வதில்லை. ‘ரெண்டே மாசத்துல இளைச்சுட்ட’ என்பது சரி. ஒல்லியை வைத்து அதைச் சொல்ல ‘ஆகிவிட்டாய்’ என்று ஒரு துணை தேவைப்படுகிறது, தனியாக அதனால் நடக்க முடியாது. ஒல்லி பெயர்ச்சொல், ஒரு நிலை. இளை என்பது வினைச்சொல், ஒரு சம்பவம். அகராதியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் ஒன்று புகைப்படம், இன்னொன்று சினிமா.

சம்பவத்துக்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும். அதனால்தான் இளைப்பு என்ற சொல்லைச் சுற்றி வேறு சில விஷயங்களும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இளைப்பாறுதல் என்றால் களைப்பு நீங்குவது. இளைப்பு என்றால் மூச்சிரைப்பு, ஆஸ்துமாவுக்கும் அதே பெயர். ‘நான் யாருக்கும் இளைச்சவன் இல்ல’ என்று ஒருவன் சட்டையை மடித்துவிட்டால் அவன் தன் எடையைப் பற்றிப் பேசவில்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்ற பழமொழியில் வருகிறவன் குண்டாகக்கூட இருக்கலாம். ஆக, இளைத்தல் என்ற சொல்லுக்குள் சதை குறைவது, மூச்சு குறைவது, பலம் குறைவது மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன. ஹாஸ்டலிலிருந்து வந்த மகளைப் பார்த்து அம்மா ‘என்னடி இப்படி இளைச்சுட்ட’ என்று கேட்கும்போது இந்த மூன்றையும் சேர்த்துத்தான் கேட்கிறாள்.

தொல்காப்பியர் இவ்வளவு ஜாக்கிரதையாகத் தொட்ட விஷயம் பிறகு என்ன ஆனது? நிகண்டுகளுக்குப் போனது.

நிகண்டு என்பது செய்யுளில் அமைந்த சொற்பட்டியல். நமக்குக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையது திவாகரம். சேந்தன் என்ற தலைவனின் ஆதரவில் திவாகரர் செய்தது. 12 தொகுதிகள். தெய்வங்களின் பெயர், மக்களின் பெயர், விலங்கு, மரம், இடம், பண்பு, செயல் என்று உலகத்தையே அறை அறையாகப் பிரித்து, ஒவ்வொரு பொருளுக்கும் இருக்கும் எல்லாப் பெயரையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும். பின்னால் பிங்கலம், 16ஆம் நூற்றாண்டில் மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சூடாமணியை மனப்பாடம் செய்தார்கள். கேட்ட மாத்திரத்தில் யானைக்குப் பெயர்களை அடுக்க முடிந்தால்தான் படித்தவன்.

இது யாருக்கு உதவும் என்று யோசித்தால் நிகண்டின் குணம் புரிந்துவிடும். செய்யுள் எழுதுகிறவனுக்கு எதுகை வேண்டும், மோனை வேண்டும், அசை இடிக்கக் கூடாது. ‘யானை’ இடித்தால் ‘வேழம்’, அதுவும் இடித்தால் ‘களிறு’, ‘கரி’. மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்பதுதான் பட்டியலின் முழு நோக்கமும். ஆகவே நிகண்டு ஒற்றுமையைச் சேமித்தது. வித்தியாசத்தைச் சேமிக்கவில்லை. களிறு ஆண் யானை, பிடி பெண் யானை என்பதுபோல உடலில் தெரியும் வேறுபாடுகள் தப்பின. யார், யாரிடம், எந்தத் தொனியில் சொல்கிறார்கள் என்ற வேறுபாட்டுக்கு அந்த வடிவத்தில் இடமே இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கவிஞர்கள் ஒரு கருவி கேட்டார்கள், அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் வேறொரு வேலைக்கு அதே கருவியை எடுத்தால் கையை வெட்டும்.

அதே காலத்தில் வேறு இடங்களில் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் ஒரு சுவாரஸ்யம். 1718இல் பாரிஸில் கப்ரியேல் ஜிரார் என்ற பாதிரியார் பிரெஞ்சு மொழியின் ஒருபொருட் சொற்களைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அவர் சொற்களைச் சேர்க்கவில்லை, பிரித்தார். ஒன்றுபோலத் தெரியும் இரண்டு சொற்களை எடுத்து, இது எங்கே பொருந்தும், அது எங்கே பொருந்தாது என்று காட்டுவதுதான் அவருடைய வேலை. பதினான்கு வருடம் கழித்து 1732இல், தமிழ்நாட்டில் இன்னொரு பாதிரியார், வீரமாமுனிவர், சதுரகராதியை முடித்தார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதி. நிகண்டுச் செய்யுள்களை உடைத்து அகர வரிசைக்குக் கொண்டுவந்தது பெரிய மாற்றம். இனி மனப்பாடம் செய்ய வேண்டாம், தேடி எடுக்கலாம். ஆனால் உள்ளே இருந்த சரக்கு பெரும்பாலும் பழைய சரக்கு. சொல்லுக்கு எதிரே சொல். இரண்டுக்கும் நடுவில் என்ன இடைவெளி என்பது அப்படியே நின்றது.

பிறகு வந்த பெரிய அகராதிகள் இந்த இடைவெளியைப் பார்த்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்ஸிகன் 1924 தொடங்கி 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. கடைசிப் பத்தாண்டு அதன் பதிப்பாசிரியராக இருந்தவர் வையாபுரிப் பிள்ளை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். அதில் சில சொற்களுக்குப் பக்கத்தில் சின்னக் குறி இருக்கும்: இது பேச்சு வழக்கு, இது வட்டார வழக்கு, இது யாழ்ப்பாணம் என்று. ஒரு சொல்லுக்கு விலாசம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் விலாசத்திலும் ஒரு சிக்கல் உண்டு. மெலிதல் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வடபழனியில் அது எழுத்துத் தமிழ். செய்தியில் வரும், கதையில் வரும், வானொலி நாடகத்தில் வரும். டீக்கடையில் ஒருவர் ‘மெலிந்துவிட்டீர்களே’ என்று சொன்னால் பக்கத்தில் இருப்பவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். ஆனால் யாழ்ப்பாணத்தில் ‘நல்லா மெலிஞ்சு போனாய்’ என்பது அடுப்படிப் பேச்சு. நாகர்கோவில் பக்கத்திலும் மெலிஞ்சுதான். சென்னை அம்மா ‘இளைச்சுட்ட’ என்று எந்த வாஞ்சையோடு சொல்கிறாளோ, அதே வாஞ்சையோடு அவர்கள் மெலிஞ்சதைச் சொல்கிறார்கள். ஆக, ஒரு சொல் முறையானதா, வீட்டுச் சொல்லா என்பது அந்தச் சொல்லின் பிறவிக் குணம் இல்லை. ஒரு ஊரில் வேட்டி சட்டையோடு உட்கார்ந்திருக்கும் சொல், இன்னொரு ஊரில் துண்டைக் கட்டிக்கொண்டு கிணற்றடியில் நிற்கும். கனடாவில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண் ‘மெலிஞ்சு’ என்று பேசினால், அவள் இலக்கியத் தமிழ் பேசுகிறாள் என்று இங்கே சிலர் நினைத்துக்கொள்வது இதனால்தான்.

அப்படியானால் சாயலைக் கண்டுபிடிக்க நிச்சயமான வழி எது? உரியியலின் முடிவில் தொல்காப்பியர் இரண்டு விஷயம் சொல்கிறார். ஒன்று, பொருளுக்குப் பொருள் கேட்டுக்கொண்டே போனால் அதற்கு எல்லை கிடையாது. ஒல்லி என்றால் மெலிந்தவர், மெலிந்தவர் என்றால் இளைத்தவர், இளைத்தவர் என்றால் ஒல்லி என்று செக்குமாடு மாதிரி சுற்றலாம். இரண்டாவது, சொல்லுக்கு முன்னும் பின்னும் வருவதைப் பார். அதுதான் வழி.

இந்த இரண்டாவது அறிவுரையை அகராதியாகவே செய்து பார்த்தது க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. 1992இல் முதல் பதிப்பு. பதிப்பாளர் எஸ். ராமகிருஷ்ணன், முதன்மை ஆசிரியர் பா.ரா. சுப்பிரமணியன். அவர்கள் பழைய அகராதியிலிருந்து அகராதி எழுதவில்லை. இன்றைய தமிழில் எழுதப்பட்டவற்றிலிருந்து வாக்கியங்களைத் திரட்டி, ஒரு சொல் எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது என்று பார்த்து அதன் பிறகு பொருள் எழுதினார்கள். பொருளுக்குப் பக்கத்தில் எடுத்துக்காட்டு வாக்கியம். பேச்சு வழக்கு, உயர் வழக்கு, இலங்கை வழக்கு என்று குறிப்பு. விரிவாக்கிய பதிப்பு 2008இல் வந்தது. மூன்றாம் பதிப்பு 2020 நவம்பரில் வெளியான சில நாட்களிலேயே ராமகிருஷ்ணன் கொரோனாவில் இறந்தார். 

பக்கத்துச் சொல்லைப் பார்ப்பது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு உதாரணம். ‘குரல்’ என்ற சொல்லுக்கு முன்னால் மூன்று அடைகளைப் போட்டுப் பாருங்கள். சன்னமான குரல், மெல்லிய குரல், மெலிந்த குரல். சன்னமான குரல் என்றால் நூல் மாதிரி மேலே போகும் குரல், அது சத்தமாகக்கூட இருக்கலாம். மெல்லிய குரல் என்றால் சத்தம் குறைவு, பேசுகிறவர் வேண்டுமென்றே குறைத்திருக்கலாம். மெலிந்த குரல் என்றால் முன்பு பலமாக இருந்து இப்போது தேய்ந்திருக்கிறது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து வரும் குரல். டப்பிங்கில் இந்த மூன்றுக்கும் மூன்று கலைஞர்களைக் கூப்பிட வேண்டியிருக்கும். அகராதியில் சுலபமாக ஒரே வரியில் அடங்கிவிடும். சன்னத்தை நெல்லுக்குப் போட்டால் சன்ன ரகம், அரசாங்கமே அதற்குத் தனி விலை வைக்கிறது. மெலிந்த நெல் என்றால் விவசாயி அழ வேண்டியதுதான்.

இப்போது மனிதர்களுக்கு வருவோம். நான் வசனம் எழுதிய ஒரு வெளிநாட்டுத் தொடரில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி சாப்பாட்டை நிறுத்திக்கொண்டே வருகிறாள். அது ஒரு நோய் என்பது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, ஆறாவது எபிசோடில்தான் தெரிகிறது. ஆனால் எழுதியவர்கள் முதல் எபிசோடிலிருந்தே சொற்களால் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். தோழி ‘ஸ்லிம்’ என்கிறாள். பையன்கள் ‘ஸ்கின்னி’ என்கிறார்கள். அம்மா ‘தின்’ என்கிறாள். டாக்டர் எடை குறைவு என்கிறார். அனுப்பியவர்கள் தந்த சொற்பட்டியலில் எல்லாவற்றுக்கும் நேராக ‘ஒல்லி’ என்று இருந்தது. நிகண்டு வழி! அதை அப்படியே போட்டிருந்தால் அந்தப் பெண் ஐந்து எபிசோடும் ஒல்லியாக இருந்துவிட்டு, ஆறாவதில் காரணமே இல்லாமல் மயங்கி விழுவாள்.

ஆகவே அம்மாவுக்கு ‘இளைச்சுட்டே வர்றியே’. மாற்றம் நடக்கிறது என்பதை அந்த வினைச்சொல் தானே சொல்லிவிடும். பையன்களுக்கு ‘குச்சி’. சென்னையில் இந்தக் கேலிக்கு மரம், குச்சி, எலும்புதான் கச்சாப் பொருள். ஒரு நகைச்சுவை நடிகருக்குப் பேரிலேயே குச்சி அமைந்துவிட்டது, ஓமக்குச்சி நரசிம்மன். நோஞ்சான் என்ற சொல்லை நான் தவிர்த்தேன், அதில் பலவீனம் கேலிக்கு முன்னால் வந்துவிடுகிறது. சவலை இன்னும் பொருந்தாது. அது தாய்ப்பால் போதாமல் வாடிய குழந்தைக்கான சொல், அடுத்த பிள்ளை வயிற்றில் வந்துவிட்டது என்ற காரணத்தையும் உள்ளே வைத்திருக்கிறது. நம் இலக்கணக்காரர்கள் இரண்டாம் அடியில் தனிச்சொல் இல்லாத வெண்பாவுக்குச் சவலை வெண்பா என்று பெயர் வைத்ததும் அந்தக் குறைபட்ட குழந்தையை நினைத்துத்தானோ என்னவோ. 

டாக்டருக்கு உடல் சொல் எதுவுமே வேண்டாம், ‘வெயிட் ரொம்பக் குறைஞ்சிருக்கு’ போதும். ‘ஒடிசலான தேகம்’ என்பது எனக்குப் பிடித்த சொல், ஆனால் அது கதைசொல்லியின் சொல். பாத்திரம் வாய் திறந்து ‘நீ ஒடிசலா இருக்க’ என்று சொன்னால் பழைய வாரப்பத்திரிகைத் தொடர்கதையின் வாசனை அடிக்கும்.

மாட்டிக்கொண்ட இடம் தோழிதான். அவள் பாராட்ட வேண்டும், அதுவும் பொறாமையோடு. கொடியிடை என்பதைச் சொல்ல முடியாது. அந்தப் பாராட்டு கோயிலுக்குப் போய்விட்டது, திருமுல்லைவாயிலில் அம்மனுக்கே கொடியிடை நாயகி என்றுதான் பெயர். ‘சிக்குனு இருக்க’ என்பதில் பார்க்கிறவரின் கண் கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது. கடைசியில் ‘செம ஸ்லிம்மா இருக்கடீ’ என்றே வைத்தேன். சொல்லின் முடிவில் உதடு மூடுகிறது, மூலத்திலும் அப்படித்தான், எனவே வாயசைவும் உட்கார்ந்துவிட்டது. தமிழ்ச் சொல் கிடைக்காததால் ஸ்லிம் வந்தது என்று சொல்வது பாதி உண்மை. ஒல்லியான உடம்பைத் தெருவில் நின்று, கேலியும் இல்லாமல் காவியமும் இல்லாமல் பாராட்டுவது என்ற காரியமே நமக்குப் புதுசு. சாப்பாடு கஷ்டமாக இருந்த ஊரில் ‘பூசினாப்புல இருக்க’ என்பதுதான் பாராட்டு. புதுக் காரியம் தன் சொல்லையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்தது.

இந்தக் கணக்கும் நிலையானதில்லை. ஆற்காடு சாலையில் உள்ள ஜிம்களில் இப்போது ‘சூப்பரா இளைச்சுட்டீங்க’ என்பது வாழ்த்து. சொல்கிறவர் இருபத்தைந்து வயது, கேட்கிறவர் பணம் கட்டி இளைத்தவர், இருவருக்கும் அதில் களைப்பும் இல்லை, நோவும் இல்லை. அதே ஆள் வீட்டுக்குப் போனால் பாட்டி அதே சொல்லைச் சொல்லி, தட்டில் இன்னொரு கரண்டி சாதம் போடுவாள். சொல் ஒன்றுதான். ஜிம்மில் அதற்கு முன்னால் ‘சூப்பரா’ வருகிறது, வீட்டில் ‘ஏன் இப்படி’ வருகிறது. அடுத்த பதிப்பு அகராதி எழுதுகிறவர்கள் இரண்டு வாக்கியத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.